ஒரு பந்துக்கு 21 ரன்: மழை விதிகளின் கணக்கு

1992 மார்ச் 22, சிட்னி. உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து 45 ஓவரில் 252 ரன் எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்கா 6 விக்கெட்டுக்கு 231. மீதமிருந்த 13 பந்துகளில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை வந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது ஒரே ஒரு பந்துதான் பாக்கி, தேவையோ 21 ரன்.

இது அன்றைய விதியின் விளைவு. சேஸ் செய்யும் அணிக்கு இரண்டு ஓவர் குறைந்தால், முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த இரண்டு ஓவர்களை அதன் கணக்கிலிருந்து கழிப்பார்கள். மெய்ரிக் பிரிங்கிள் அன்று அருமையாகப் பந்து வீசியிருந்ததால், கழிக்க வேண்டிய இரண்டு ஓவர்களிலும் சேர்த்து ஒரே ரன்தான் இருந்தது. இலக்கு 253-லிருந்து 252 ஆனது. சொந்த அணியின் நல்ல பந்துவீச்சே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் திரும்பியது.

அதற்கு முன்பு வழக்கில் இருந்த ரன் ரேட் முறையையே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கிலாந்தின் சராசரி ஓவருக்கு 5.6. அதை 43 ஓவரால் பெருக்கினால் 240.8. இலக்கு 241, அதாவது கடைசிப் பந்தில் 10 ரன். கொடுமை பாதியாகக் குறைகிறது, ஆனாலும் வெல்ல முடியாது. பின்னாளில் வந்த டக்வொர்த் லூயிஸ் முறைப்படி கணக்கிட்டால் அந்தப் பந்தில் 5 ரன் தேவை. ஒரு பவுண்டரி அடித்தால் ஆட்டம் சமன்.

பிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் உருவாக்கிய இந்த முறை 1997 ஜனவரி 1-ஆம் தேதி ஜிம்பாப்வே - இங்கிலாந்து ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. ரன் எடுக்க ஓர் அணிக்கு ஓவர்கள் மட்டும் போதாது, விக்கெட்டுகளும் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. இரண்டையும் சேர்த்து 'வளம்' என்கிறார்கள். 50 ஓவர், 10 விக்கெட் இருந்தால் வளம் 100 சதவீதம். ஒவ்வொரு பந்துக்கும், ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அது குறைந்துகொண்டே வரும்.

முதல் அணி 50 ஓவரில் 250 எடுத்தது, மழையால் அடுத்த அணிக்கு 20 ஓவர்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ரன் ரேட் கணக்கில் இலக்கு 101. பத்து விக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு 20 ஓவர் ஆடுபவர்களுக்கு இது மிகச் சுலபம். ஆட்டமிழந்துவிடுவோமோ என்ற பயமின்றி முதல் பந்திலிருந்தே அடித்து ஆடலாம். டக்வொர்த் லூயிஸ் அட்டவணையின் எளிய பதிப்பில் அந்த 20 ஓவரின் வளம் 40 சதவீதம் அல்ல, 56.6 சதவீதம். அதனால் இலக்கு 142.

இப்போது மழை வேறு நேரத்தில் வரட்டும். சேஸ் செய்யும் அணி 30 ஓவரில் 155 எடுத்த நிலையில் ஆட்டம் நின்றே போகிறது. ரன் ரேட் முறையில் 151 எடுத்தாலே வெற்றி. எத்தனை விக்கெட் விழுந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அட்டவணை அதைத்தான் முதலில் பார்க்கும். 2 விக்கெட் மட்டும் போயிருந்தால் மீதி வளம் 52.4 சதவீதம், செலவானது 47.6. 250-இல் 47.6 சதவீதம் 119 என்பதால் அந்த அணி 36 ரன் முன்னிலையில் இருக்கிறது. 7 விக்கெட் போயிருந்தால் மீதி 21.2 சதவீதம்தான். செலவான 78.8 சதவீதத்துக்கு 197 எடுத்திருக்க வேண்டும். 155 எடுத்த அணி 42 ரன்னில் தோற்கிறது. ஸ்கோர் ஒன்றுதான், முடிவு தலைகீழ். மைதானத்தில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எவரும் இதையே நியாயம் என்பார்கள்.

இந்த முறையும் சறுக்கியதுண்டு. 2010 டி20 உலகக் கோப்பையில், கயானாவில் இங்கிலாந்து 20 ஓவரில் 191 குவித்தது. வெஸ்ட் இண்டீஸ் 2.2 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 30 எடுத்திருந்தபோது மழை குறுக்கிட்டது. ஆட்டம் 6 ஓவராகி, இலக்கு 60 ஆனது. வெறும் ரன் ரேட் கணக்கே 58 என்று சொல்லியிருக்கும். பத்து விக்கெட்டையும் ஆறே ஓவரில் செலவழிக்கலாம் என்ற பெரிய சலுகைக்குக் கூடுதல் விலை வெறும் இரண்டு ரன். வெஸ்ட் இண்டீஸ் வென்றது. இங்கிலாந்து கேப்டன் காலிங்வுட் கொதித்தார். ஒருநாள் ஆட்டங்களை வைத்து உருவான கணக்கு, குறுகிய ஆட்டத்தின் அதிரடிக்கு ஈடுகொடுக்கவில்லை என்ற விமர்சனம் வலுத்தது. பின்னர் ஸ்டீவன் ஸ்டெர்ன் புதிய ஸ்கோர்களை வைத்துக் கணக்கைத் திருத்த, அவர் பெயரும் சேர்ந்து 'டிஎல்எஸ்' ஆனது.

இன்றும் களத்தில் நிற்பவர் முதல்தர பேட்ஸ்மேனா, பத்தாம் ஆளா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது; எத்தனை விக்கெட் பாக்கி என்பது மட்டுமே தெரியும். ரன் ரேட் முறைக்கு அதுகூடத் தெரியாது. மழை மிரட்டும் நாளில் ஆட்டம் பார்ப்பவர்கள் ரன் ரேட்டைவிட விழும் விக்கெட்டைக் கவனிப்பது நல்லது. மழைக்குச் சற்றுமுன் பறிபோகும் ஒரு விக்கெட், பல ஓவர்களாகச் சேர்த்துவைத்த முன்னிலையை ஒரே பந்தில் அழித்துவிடும்.