ஃபேன் ரிப்பேர் வீடியோவும் அதன் முதல் பத்து விநாடியும்

யூடியூப் வீடியோவின் தம்ப்நெயில் 1280×720 பிக்சலில், கணினியின் அகலத் திரையில் உருவாகிறது. பார்வையாளர் கண்ணில் படும்போதோ, கைப்பேசியின் பரிந்துரைப் பட்டியலில் அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. கீழ் வலது மூலையை வீடியோவின் நேர அளவு மறைத்துக்கொள்கிறது. நான்கு வரி எழுத்து, சேனல் லோகோ, அம்புக்குறி, சிவப்பு வட்டம் என்று அடைத்த படம் அந்த அளவில் வெறும் வண்ணக் கலவையாகிவிடும். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிக் கைப்பேசியைத் தள்ளிவைத்துப் பார்த்தால் இந்தக் குறை உடனே தெரியும்.

மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனைச் சரிசெய்வது பற்றி ஆறு நிமிட வீடியோ ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வழக்கமாக இதற்கு வைக்கப்படும் தலைப்பு, ‘சீலிங் ஃபேன் ரிப்பேர்’ என்று தொடங்கி, அதையே ஆங்கிலத்திலும் சொல்லி, சேனல் பெயரில் முடியும். தம்ப்நெயிலில் கழற்றிப் போட்ட முழு ஃபேனும், மேலே அதே ‘ஃபேன் ரிப்பேர்’ எழுத்தும் இருக்கும். படமும் தலைப்பும் ஒன்றையே இரண்டு முறை சொல்வதால், கிடைத்த இடத்தில் பாதி வீண்.

ஃபேன் மெதுவானதால் எரிச்சலடைந்தவருக்கு ‘ரிப்பேர்’ பற்றிய ஆர்வம் கிடையாது. எது கெட்டுப்போயிற்று, தானே சரிசெய்ய முடியுமா என்பவைதான் அவருடைய கேள்விகள். ஆகவே தலைப்பு, ‘ஃபேன் மெதுவா சுத்துதா? கெப்பாசிட்டரா, பேரிங்கா?’ என்று அமையலாம். தம்ப்நெயிலில் இறக்கையைத் தள்ளும் ஒரு விரலை நெருக்கத்தில் காட்டி, ‘தள்ளிப் பாருங்க’ என்று இரண்டே சொல் போட்டால் போதும். கேள்வியைத் தலைப்பு கேட்கிறது. விடை எங்கிருந்து வரும் என்பதைப் படம் காட்டுகிறது. தலைப்புக்கு 100 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு என்றாலும், கைப்பேசியில் இரண்டு வரிக்கு மேல் பெரும்பாலும் தெரியாது. தமிழ் எழுத்துகள் அகலமானவை. வரி சீக்கிரம் நிரம்பிவிடும். முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும், சேனல் பெயர் தலைப்பில் வேண்டியதே இல்லை.

‘கெப்பாசிட்டரை மாற்றினால் போதும்’ என்று தலைப்பு வைத்தால் கிளிக் கூடலாம். ஆனால் பேரிங் இறுகிய ஃபேனை வைத்திருப்பவர் ஏமாந்து பாதியில் போய்விடுவார். வீடியோவில் இல்லாததைக் காட்டி இழுக்கும் மோசமான தலைப்புகள், தம்ப்நெயில்கள் மீது இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்குவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது வேறு விஷயம். அந்த விதி இல்லாவிட்டாலும் இது நஷ்டக் கணக்குதான்.

அடுத்தது தொடக்கம். லோகோ அனிமேஷன், ‘வணக்கம் நண்பர்களே’, சப்ஸ்கிரைப் வேண்டுகோள் ஆகிய மூன்றுமே பத்து விநாடியைத் தின்றுவிடும். அதற்குள் பார்வையாளர், தான் சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்று முடிவெடுத்துவிடுகிறார். தம்ப்நெயிலில் கண்ட விரலும் இறக்கையும் முதல் காட்சியிலேயே வர வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளுகிறார்கள். தடையின்றிச் சுற்றினால் கெப்பாசிட்டர் மீது சந்தேகம். இறுக்கமாக, கரகரவென்று நின்றால் பேரிங். இவ்வளவும் பத்து விநாடிக்குள் அடங்கிவிடும். கைப்பேசியின் முகப்புப் பக்கத்தில் வீடியோ பெரும்பாலும் ஒலியின்றித் தானாக ஓடுவதால், இந்தச் சோதனை சத்தமில்லாமலும் புரிய வேண்டும்.

விடையை முதலிலேயே கொடுத்துவிட்டால் ஆள் போய்விடுவாரே என்று தோன்றலாம். இங்கே கொடுப்பது நோயின் பெயர் மட்டுமே. பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ள புதிய கெப்பாசிட்டரை எப்படி இணைப்பது, ரெகுலேட்டரை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் பின்னால் இருக்கிறது. அதற்காக அவர் காத்திருப்பார்.

பலித்ததா என்பதை யூடியூப் ஸ்டுடியோவில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். தம்ப்நெயில் கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பது ஒன்று. 30 விநாடிக்குப் பிறகும் எத்தனை சதவீதம் பேர் நீடித்தார்கள் என்பது மற்றொன்று. கிளிக் நிறைய, ஆனால் தொடக்கத்திலேயே செங்குத்தான சரிவு என்றால் தம்ப்நெயில் சொன்னதைத் தொடக்கம் காட்டவில்லை. வந்தவர்கள் நீடிக்கிறார்கள், கிளிக்தான் குறைவு என்றால் படத்தையும் தலைப்பையும் மாற்ற வேண்டும். பாதிச் சேனல்களின் கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூபே சொல்கிறது. பரிந்துரை விரிந்து புதியவர்களிடம் போகும்போது அது இறங்குவது இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை வைத்துச் சோதிக்கும் வசதியும் உண்டு. அதில் வெற்றி, கிளிக் எண்ணிக்கையை வைத்து முடிவாவதில்லை. எந்தப் படம் அதிகப் பார்வை நேரத்தைத் தந்தது என்பதை வைத்தே முடிவாகிறது. பார்வைகள் மிகக் குறைவான வீடியோவில் இந்தச் சோதனையின் முடிவு தெளிவாக இராது.

தம்ப்நெயிலையும் தலைப்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தொடக்கத்தை மறுபடி படம்பிடித்துச் சேர்க்க முடியாது. ஆனால் நீளமான வணக்கத்தை ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே வெட்டிவிடலாம். அப்படி வெட்டினாலும் வீடியோவின் முகவரி, பார்வைகள், கருத்துகள் எதுவும் அழியாது.