ஒரு சிம்மில் மட்டும் குரல் ஏன் தேய்கிறது?

இரண்டு சிம் போட்ட போனில் ஒன்றில் மட்டும் எதிர்முனைக் குரல் திடீரெனக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கத் தொடங்கும். வால்யூமை முழுக்க ஏற்றினாலும் பயனில்லை. உடனே கடைக்குப் போய் ஸ்பீக்கரை மாற்றுபவர்கள் உண்டு. அது வீண் செலவு. காதோரம் இருக்கும் ஸ்பீக்கர் இரண்டு சிம்முக்கும் பொது. அது கெட்டால் இரண்டிலும் சத்தம் குறையும்.

குரல் எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 4ஜி வழியாகவே பேசும் VoLTE அழைப்பில் வழக்கமாக 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி வரும். பழைய 2ஜி அழைப்பில் சுமார் 300 முதல் 3,400 வரைதான். மேல்பகுதி வெட்டுப்பட்ட குரல், அதே அளவில் வந்தாலும் பஸ் இரைச்சலில் எடுபடாது. போதாக்குறைக்கு, இந்த இரண்டு வகை அழைப்புக்கும் போன்களில் ஒலி அளவு தனித்தனியாக அமைக்கப்படுவதுண்டு.

தெரிந்த ஆசிரியை ஒருவருக்கு, போன் அப்டேட் ஆன பிறகு இரண்டாவது சிம்மில் இந்தத் தொல்லை. அந்த சிம்மிலிருந்து டயல் செய்யச் சொல்லி மேலே இருந்த சிக்னல் குறியைக் கவனித்தோம். மணி அடித்ததும் 4ஜி போய் 2ஜி வந்தது. போனை வைத்த சில நொடிகளில் 4ஜி திரும்பியது. அழைப்பு பழைய வழிக்கு இறங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். செட்டிங்ஸில் அந்த சிம்முக்கு மட்டும் VoLTE அணைந்திருந்தது. (சில போன்களில் இதன் பெயர் 4G Calling.) அதைப் போட்டு, போனை அணைத்து ஏற்றியதும் குரல் தெளிந்தது.

ஆனால் அவருடைய அண்ணன் எண்ணில் மட்டும் பழைய கதைதான். அண்ணன் வைத்திருப்பது 2ஜி பட்டன் போன். எதிர்முனை பழையதென்றால் நம் பக்கம் எதை மாற்றியும் பயனில்லை. வேறு நிறுவனத்து எண்ணுக்குப் பேசும்போதும், இடையில் ஒலி வடிவம் மாற்றப்பட்டால் தரம் குறையலாம்.

VoLTE போட்டிருந்தும் வீட்டில் மட்டும் குறைகிறதா? தெருவுக்கு வந்து பேசிப் பாருங்கள். அங்கே சரியென்றால் வீட்டுக்குள் 4ஜி சிக்னல் பலவீனம். வைஃபை காலிங் இருந்தால் போடுங்கள். எங்கே பேசினாலும் குறைந்தால், இரண்டு சிம்மையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு சிம்மோடு நகர்ந்தால் நிறுவனத்தின் பக்கம். பழைய இடத்திலேயே நின்றால் போனில்.

நிறுவனத்தின் பக்கம் என்றால், அந்த சிம்மிலிருந்தே 198-ஐ அழையுங்கள். ‘சத்தம் குறைவு’ என்று மட்டும் சொல்லாமல், பேசிய இடம், நேரம், அழைத்த எண், அப்போது தெரிந்த சிக்னல் குறி நான்கையும் சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.