ரெப்போவை மூடினால் கசிவு நிற்காது

2022 அக்டோபரில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. காரை இணையத்தோடு சேர்க்கும் டி-கனெக்ட் சேவையின் தளத்தைச் செய்துகொடுத்த ஒப்பந்த நிறுவனம், 2017 டிசம்பரில் மூல நிரலின் ஒரு பகுதியைக் கிட்ஹப்பில் ஏற்றியிருந்தது. தவறுதலாக அந்த ரெப்போ எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் அமைந்துவிட்டது. வாடிக்கையாளர் விவரங்கள் இருந்த சர்வரைத் திறக்கும் கீ, அந்த நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 2,96,019 பேரின் மின்னஞ்சல் முகவரியும் வாடிக்கையாளர் எண்ணும் வெளியே போயிருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

அந்த அறிவிப்பில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. விஷயம் தெரியவந்த செப்டம்பர் 15 அன்றே ரெப்போவை மூடிவிட்டார்கள். சர்வரின் கீயை மாற்றியது செப்டம்பர் 17. நான் உங்களோடு பேச நினைப்பது இந்த இடைவெளியைப் பற்றித்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏபிஐ கீ என்பது ஒரு நீண்ட எழுத்துச் சரம். ஒரு நிரல் இன்னொரு சர்வரிடம் போய் அதைக் காட்டினால், சர்வர் வேறு எதுவும் கேட்பதில்லை. ஓடிபி கிடையாது, முகம் பார்ப்பது கிடையாது. யார் கையில் கீ இருக்கிறதோ அவர்தான் நீங்கள். அமேசானின் ஏடபிள்யூஎஸ் கீ இரண்டு துண்டாக வரும்: `AKIA` என்று தொடங்கும் 20 எழுத்து அடையாளமும், 40 எழுத்து ரகசியமும். இப்படி ஒரே மாதிரி தொடங்குவதால் தேடுவது எளிது. அது திருடுபவருக்கும் எளிது. கிட்ஹப்பில் பொதுவில் ஏறும் ஒவ்வொரு மாற்றத்தையும் பாட்கள் கண்காணித்துக்கொண்டே இருக்கின்றன. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதைச் செய்து பார்த்தார்கள். புதிதாக ஏறிய ஒரு கீயைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு வழக்கமாக 20 நொடி போதுமாக இருந்தது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கீ வெளியே போனது தெரிந்ததும், கை முதலில் அந்த வரியை அழிக்கப் போகிறது. அழித்து, ஒரு கமிட் போட்டு, மூச்சு விடுகிறோம். ஆனால் கிட் பழையதை மறப்பதில்லை, மறக்காமல் இருப்பதே அதன் வேலை. நீங்களே சோதித்துப் பாருங்கள்:

```
git log --all -p -S AKIAIOSFODNN7EXAMPLE
```

அந்தச் சரம் நுழைந்த கமிட்டும் நீங்கிய கமிட்டும் முழு வரியோடு வந்து நிற்கும். வரலாற்றையே திருத்தி எழுதக் கருவிகள் உண்டு. அவற்றால் உங்கள் ரெப்போவைச் சுத்தம் செய்யலாம், ஆனால் வேறொருவர் எடுத்த ஃபோர்க்கையோ, ஏற்கெனவே இறக்கிக்கொண்டவரின் கணினியையோ தொட முடியாது. ரெப்போவைத் தனிப்பட்டதாக மாற்றுவதும் அப்படித்தான். இனி வருபவரை அது நிறுத்தும், வந்து போனவரை ஒன்றும் செய்யாது. ஆகவே கீயைச் செயலிழக்கச் செய்வதே முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு சிறு கடையின் செயலியை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு பில்லையும் பிடிஎஃப் ஆக்கி அமேசானின் எஸ்3 கிடங்கில் போடுகிறது. அதன் கீ பொதுவில் போய்விட்டது. அடுத்த நிமிடம் ஓட்ட வேண்டிய கட்டளை இதுதான்:

```
aws iam update-access-key --user-name billing-app \
  --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE --status Inactive
```

பில் போடுவது கொஞ்ச நேரம் நிற்கும், நிற்கட்டும். புதிய கீ கொடுத்ததும் அது மீண்டும் ஓடும். பொது ரெப்போவில் ஏடபிள்யூஎஸ் கீ தென்பட்டால் கிட்ஹப் அமேசானுக்குத் தகவல் சொல்கிறது. அமேசானும் அந்தப் பயனர்மீது ஒரு தடைக் கொள்கையைப் போட்டு, எச்சரிக்கை அஞ்சல் அனுப்பும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தத் தடை ஆபத்தான சில செயல்களை மட்டுமே மறிக்கிறது, கீ உயிரோடுதான் இருக்கும்.

அடுத்து, கிளவுட்ட்ரெயில் பதிவில் அந்தக் கீ என்னென்ன செய்தது என்று பாருங்கள். நீங்கள் வைக்காத பெயரில் புதிய பயனர், புதிய கீ, நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத பிராந்தியத்தில் ஓடும் இயந்திரங்கள் இருந்தால், திருடர் தனக்கென்று இன்னொரு வழி திறந்துகொண்டார் என்று பொருள். அதையும் மூடாமல் வேலை முடியாது. கிளவுட்ட்ரெயிலின் நிகழ்வு வரலாறு, நீங்கள் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், 90 நாள் வரைதான் காட்டும். எஸ்3 கிடங்கில் யார் எந்தக் கோப்பைப் படித்தார் என்பது அதில் வராது, அந்தப் பதிவை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். டொயோட்டா தன் அணுகல் பதிவுகளை ஆராய்ந்த பின்னும், வெளியார் நுழைந்ததை உறுதிசெய்ய முடியவில்லை, முற்றிலும் மறுக்கவும் முடியவில்லை என்றுதான் சொன்னது. சொந்த வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வது எவ்வளவு வேதனையான நிலை!

ஒரு கீ கசிந்தால் எவ்வளவு கெடுதல் நேரும் என்பது, அதை உருவாக்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அவசரத்தில் முழு நிர்வாகி உரிமை கொடுத்திருந்தால், கணக்கே போச்சு. நம் கடைச் செயலிக்குத் தேவை ஒரே ஓர் உரிமைதான்: ஒரு குறிப்பிட்ட கிடங்கில் `s3:PutObject`. அதாவது கோப்பைப் போடலாம், பட்டியலிடவோ படிக்கவோ முடியாது. இந்தக் கீ கசிந்தால் குப்பைக் கோப்புகள் சேரலாம், பழைய பில்லின் மேல் இன்னொன்று எழுதப்படலாம். பின்னதற்காகக் கிடங்கின் வெர்ஷனிங்கை இயக்கி வையுங்கள். ஆனால் ஒரு வாடிக்கையாளரின் பெயர்கூட வெளியே போகாது. எழுதும் நிரலுக்கு ஒன்று, படிக்கும் நிரலுக்கு ஒன்று, சோதனைக்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால், எது கசிந்தாலும் அதை மட்டும் நிறுத்தலாம்.

கீயை எங்கே வைப்பது? நிரலுக்குள் வேண்டாம். உங்கள் கணினியில் `.env` கோப்பில் வைத்து, முதல் கமிட்டுக்கு முன்பே `.gitignore` கோப்பில் அதன் பெயரைச் சேருங்கள். ஒருமுறை கமிட் ஆன பிறகு சேர்த்தால் கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டேதான் இருக்கும். உலாவிக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்டில் வைத்த எதுவும் ரகசியமல்ல. சர்வர் அமேசானிலேயே ஓடுகிறது என்றால் கீயே வேண்டாம். இயந்திரத்துக்கு ஒரு ரோல் கொடுத்தால், சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகக் கீ தானாக வந்துபோகும். என்னைக் கேட்டால் இதுவே எல்லாவற்றிலும் நல்ல வழி.

ரோல் கொடுக்க முடியாத இடத்தில் கீயை அவ்வப்போது மாற்ற வேண்டும். அமேசானில் ஒரு பயனருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கீ வரை அனுமதி உண்டு, அது இதற்கு உதவுகிறது. இரண்டாவதை உருவாக்கி, செயலியில் போட்டு, பழையது கடைசியாக எப்போது பயன்பட்டது என்று கேளுங்கள்:

```
aws iam get-access-key-last-used --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE
```

அந்த நேரம் நகராமல் ஓரிரு நாள் நின்றால், பழையதைச் செயலிழக்கச் செய்து, எதுவும் உடையவில்லை என்று பார்த்த பிறகு நீக்குங்கள். நேரம் நகர்ந்தால், நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அதை இன்னும் வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சில நாள் ஆகலாம். கசிந்த அன்று அந்தத் தேடலுக்கு நேரம் கிடைக்காது. கீயை நிறுத்தினால் எது நிற்கும் என்று தெரியாதவர்தான் அன்றைக்குத் தயங்குவார்.

உங்கள் செயலியின் கீ ஒன்றை, எந்தப் பிரச்சினையும் இல்லாத இந்த வாரத்திலேயே, ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.