நள்ளிரவு 12 மணிக்கு முண்டியடிக்கும் கணினிகள்

தினமும் ஒரு வேலையைத் தானாகச் செய்துவிடும்படி கணினியிடம் சொல்லிவைக்க லினக்ஸில் கிரான் என்ற வசதி இருக்கிறது. எந்த நிமிடம், எந்த மணி என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அங்கே பலரும் எழுதுவது `0 0`. அதாவது நள்ளிரவு 12 மணி, 0 நிமிடம். 12:17 என்று எழுத யாருக்கும் கை வருவதில்லை. தனக்குள்ளேயே முடிந்துவிடும் வேலை என்றால் இதில் குறையே இல்லை. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே சர்வரின் கதவைத் தட்டும்போதுதான் சிக்கல்.

கல்யாண வீட்டில் எல்லோரும் முதல் பந்திக்கே வந்தாலும் ஆளுக்கு ஆள் சில நிமிடம் முன்பின் ஆகும். கணினிகளுக்கு அதுவும் கிடையாது. இணையத்தின் வழியே அவை தங்கள் கடிகாரத்தை ஓயாமல் சரிசெய்துகொள்வதால், எல்லாம் ஏறக்குறைய ஒரே நொடியில் வந்து நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36,000 கணினிகள் 12 மணிக்கு ஒரு சர்வரிடம் வருகின்றன. அந்தச் சர்வர் நொடிக்கு 50 பேருக்குப் பதில் சொல்லும். அப்படியானால் கடைசியில் நிற்பவருக்கு 12 நிமிடம் கழித்துத்தான் பதில். ஆனால் கேட்கும் கணினி அவ்வளவு நேரம் பொறுக்காது. 30 நொடியில் கைவிடும் என்று வைத்துக்கொண்டால், 1,500 பேருக்குத்தான் பதில் கிடைத்திருக்கும். மற்ற 34,500 பேரும் விட்டுவிட்டு மறுபடி கேட்பார்கள், அதுவும் ஒன்றாகவே. சர்வரோ, கேட்டவர் போன பிறகும் பழைய கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கும். இதற்காகப் பெரிய சர்வர் வாங்கினால், அது நாளின் மிச்ச நேரமெல்லாம் சும்மா கிடக்கும்.

அதே கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நொடியைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதுவரை காத்திருந்து வந்தால்? சராசரியாக நொடிக்கு 10 பேர்தான். பழைய சர்வரே அலட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும்.

இதை மிகப் பெரிய அளவில் நடத்திக்காட்டுவது லெட்ஸ் என்கிரிப்ட். இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரும், லாப நோக்கில்லாத அமைப்பு. 2015 டிசம்பரில் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அது தரும் 90 நாள் சான்றிதழை, 30 நாள் மிச்சமிருக்கும்போதே புதுப்பிக்க முயல்வது வழக்கம். செர்ட்பாட் என்ற மென்பொருள் இதைத் தானாகச் செய்கிறது. டெபியன் லினக்ஸில் அதற்கான கிரான் வரியின் சாரம் இது:

```
0 */12 * * * root perl -e 'sleep int(rand(43200))' && certbot -q renew
```

12 மணிக்கு ஒருமுறை எழு, 0 முதல் 43,200 நொடிக்குள் ஏதோ ஒரு அளவு தூங்கு, பிறகு புதுப்பி. 43,200 நொடி என்பது சரியாக 12 மணி நேரம். ஆகவே கூட்டம் நாள் முழுக்கப் பரவிவிடுகிறது. சிஸ்டம்டி டைமர் இருக்கும் கணினிகளில் `RandomizedDelaySec=43200` என்ற ஒரே வரி இந்த வேலையைச் செய்கிறது. ஒரு மாதம் அவகாசம் இருக்கும் வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரத் தாமதம் பொருட்டே அல்ல.

தூங்கும் நேரத்தைக் கணக்கிட ஏன் பெர்ல் மொழியைக் கூப்பிட வேண்டும்? பலரும் எழுதுவது `sleep $((RANDOM % 3600))`. இதில் இரண்டு பொறிகள் உண்டு. கிரான் வரியில் `%` வந்தால் கட்டளை அந்த இடத்தோடு வெட்டுப்பட்டுவிடும். அதன் முன்னால் `\` போட்டுத் தப்பினாலும், டெபியனிலும் உபுண்டுவிலும் கிரான் இயக்கும் எளிய ஷெல்லுக்கு `RANDOM` என்றால் என்னவென்றே தெரியாது. மதிப்பில்லாததை அது பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். தூக்கம் 0 நொடி. பிழைச்செய்தி எதுவும் வராது; தாமதம் போட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்போம். வேலை உண்மையில் எந்த நொடியில் தொடங்கியது என்பதைப் பதிவேட்டில் பார்ப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி. நாள்தோறும் 00:00:01 என்றே இருந்தால் குலுக்கல் நடக்கவில்லை.

குலுக்கலுக்கு ஒரு விலை உண்டு. இன்று ஒரு மணி, நாளை வேறு மணி என்று நேரம் மாறுவதால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே இடைவெளி நீளும், குறுகும். அது ஆகாத இடத்தில் ஒவ்வொரு கணினிக்கும் அதன் அடையாள எண்ணிலிருந்து ஒரு நிலையான தாமதத்தைப் பெறலாம். சிஸ்டம்டியில் அதற்கு `FixedRandomDelay=true` இருக்கிறது. ஒரே வட்டை நகலெடுத்து நூறு கணினிகள் உருவாக்கியவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அடையாள எண்ணும் நகலாகியிருந்தால் நூறுக்கும் ஒரே தாமதம்தான் கிடைக்கும்.

கணினியைப் பராமரிப்பவர்கள் இன்றே `crontab -l` என்று கொடுத்துப் பாருங்கள். 0 நிமிடத்தில் தொடங்கி, வெளியே இன்னொருவரின் சர்வரைத் தேடிப் போகும் வரி இருந்தால், அதற்கு முன்னால் ஒரு குலுக்கல் தூக்கத்தைச் சேர்த்துவிடுங்கள்.