வாரண்டி எந்த நாளில் முடிகிறது?

கோவைப் பக்கம் ஒரு சிறிய பட்டறை ஏர் கம்ப்ரஸர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய ஆங்கில ஒப்பந்தங்களில் வாரண்டி பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: இயந்திரத்தை நிறுவி ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து 12 மாதம், அல்லது கம்பெனியிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இரண்டில் எது முன்னால் முடிகிறதோ அதுவரை.

தமிழ்ப் படியில் இதை '12 முதல் 18 மாத வாரண்டி' என்று சுருக்கிவிட்டால் வந்தது வினை. இயந்திரம் 2024 ஜனவரி 10 அன்று அனுப்பப்பட்டது. ஷெட் வேலை இழுத்ததில் செப்டம்பர் 5 அன்றுதான் ஓடத் தொடங்கியது. ஓடிய நாளைப் பிடித்து எண்ணினால் 2025 செப்டம்பர் வரை வாரண்டி உண்டு. அனுப்பிய நாளைப் பிடித்தால் ஜூலை 10-ஓடு சரி. முன்னால் முடிவது ஜூலைதான். ஆகஸ்ட்டில் பழுதானால் செலவு வாங்கியவர் தலையில். அதனால் இரண்டு கணக்கையும் தனித்தனி வாக்கியமாக எழுதி, முன்னால் முடிவதே செல்லும் என்பதை மூன்றாவதாகச் சொல்வது நல்லது. வாக்கியம் கூடுவதில் தப்பில்லை, கெடு மாறக்கூடாது.

சர்வீஸ் பகுதியில் வேறொரு சிக்கல். 'புகார் வந்த 48 மணி நேரத்தில் கவனிக்கப்படும்' என்பது படிக்கச் சரளமாகத்தான் இருக்கிறது. யார் கவனிப்பது? போனில் பேசினால் போதுமா? தமிழில் செயப்பாட்டு வினை வந்தாலே ஆள் மறைந்துகொள்வார். மூலம் சொல்வது, விற்பவரின் இன்ஜினியர் 48 மணி நேரத்துக்குள் இயந்திரம் இருக்கும் இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்பது. அதற்குள் பழுதை நீக்கித் தருவதாக அது சொல்லவில்லை. 'சரிசெய்து தரப்படும்' என்று எழுதினால் விற்பவர் கொடுக்காத வாக்கை மொழிபெயர்ப்பாளர் கொடுத்தவர் ஆவார். ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கணக்கில் சேருமா என்பது மூலத்தில் இல்லையென்றால், நாமாக எதையும் சேர்க்காமல் இரு தரப்பையும் கேட்க வேண்டும்.

பழுதான பாகத்துக்கும் இதே கவனம் தேவை. சரிசெய்வதா, புதிதாக மாற்றுவதா என்பதை விற்பவரே தீர்மானிப்பார் என்று மூலம் சொன்னால், அந்தத் தீர்மானம் யாருடையது என்பதும் தமிழில் இருக்க வேண்டும். விடுபட்டால், புதுப் பாகம் கேட்பது தன் உரிமை என்று வாங்கியவர் நினைப்பார்.

வாங்கியவரின் கடமைகளில் ஆயில் முக்கியம். கம்பெனி சொன்ன கிரேடு, சொன்ன மணிக்கணக்கு என்று மூலத்தில் இருப்பதை 'நல்ல ஆயிலை அவ்வப்போது மாற்றவும்' என்று எழுதிவிட்டால், அந்தப் படியை நம்பி இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர் வாரண்டியையே இழக்க நேரிடலாம்.

முடித்த படியை மூலம் பார்க்காத ஒரு சர்வீஸ்காரரிடம் கொடுத்து யார், எதை, எப்போதைக்குள், யார் செலவில் என்று கேட்டுப்பாருங்கள். அவர் பதில் ஆங்கிலத்தோடு எங்கே முரண்படுகிறதோ அந்த வரியை மாற்றி எழுத வேண்டும். இரண்டு படிகள் முரண்பட்டால் எது செல்லும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அதைத் தமிழ்ப் படியின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்வேன்.