மனைவி பெயரில் டெபாசிட், வரி யார் தலையில்?

சம்பளத்தில் மிச்சம் பிடித்த 10 லட்ச ரூபாயை ஒருவர் மனைவி பெயரில் வங்கியில் டெபாசிட் செய்கிறார். வட்டி 7 சதவீதம், ஆண்டுக்கு 70,000 ரூபாய். அவர் இருப்பது 30 சதவீத வரி வரம்பில். மனைவிக்கோ வேறு வருமானம் இல்லை. "என் பெயரில் போட்டால்தானே வரி? உன் பெயரில் போட்டால் ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்பது அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. கணவன் மனைவிக்குப் பணம் கொடுப்பதற்கு வரி கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ஈடாக எதுவும் வாங்காமல் கொடுத்த பணம் ஈட்டும் வருமானம், கொடுத்தவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும். மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே விதிதான். இதைத்தான் ஆடிட்டர்கள் 'கிளப்பிங்' என்கிறார்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆவது பிரிவு சொன்னது இது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கைவிடவில்லை. ஆக, 70,000 ரூபாயைக் கணவர்தான் தன் கணக்கில் காட்ட வேண்டும். செஸ் சேர்த்து 31.2 சதவீதம் என்றால் வரி 21,840 ரூபாய். டெபாசிட்டை உடைத்து மனைவி பெயரிலேயே மியூச்சுவல் ஃபண்டாக மாற்றினாலும் விதி பின்தொடரும். அதில் வரும் லாபமும் கணவருடையதே.

ஆனால் இந்த விதி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பலருக்கும் அது தெரிவதில்லை. கொடுத்த பணத்தின் வருமானம்தான் கணவரைச் சேரும். அந்த வருமானத்தை மனைவி மறுபடி முதலீடு செய்தால், அதிலிருந்து வருவது மனைவிக்கே சொந்தம். முதல் ஆண்டு வட்டி 70,000 ரூபாயை அவர் தனி டெபாசிட்டாகப் போடுகிறார் என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டில் பழைய டெபாசிட்டின் 70,000 கணவர் கணக்கில், புதியதன் வட்டி 4,900 மனைவி கணக்கில். அதையும் அந்த ஆண்டு வந்த 70,000ஐயும் சேர்த்தால் மனைவியின் டெபாசிட் 1,44,900 ஆகிறது; மூன்றாம் ஆண்டில் அதன் வட்டி 10,143 ரூபாய். கணவர் பங்கு அதே 70,000இல் நிற்க, மனைவியின் பங்கு வளர்ந்துகொண்டே போகும்.

இது பலிக்க வேண்டுமானால் இரண்டு பணமும் கலக்கக் கூடாது. வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போகும் டெபாசிட்டில் எது யாருடையது என்று ஆண்டுதோறும் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. ஆண்டுக்கு ஒருமுறை வட்டி தரும் டெபாசிட்டாகப் போட்டு, வட்டி வந்து விழ மனைவி பெயரில் தனிக் கணக்கு வைப்பதே நல்லது. மனைவியின் சம்பளம், அவர் அப்பா அம்மா கொடுத்த பணம், கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது ஆகியவை கிளப்பிங்கில் வராது. அவற்றையும் கணவர் கொடுத்த பணத்தோடு ஒரே கணக்கில் போட்டுவிட்டால், பிறகு நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

தகராறு கிளம்புவது பெரும்பாலும் டிடிஎஸ்ஸில். வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி மனைவியின் பான் எண்ணில் வரி பிடிக்கும். அதைத் தவிர்க்க, வரி பிடிக்க வேண்டாம் என்று மனைவி உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் பிடித்த தொகையை அவரே ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடுவார். இரண்டுமே தவறு, ஏனென்றால் அந்த வட்டி சட்டப்படி அவர் வருமானமே அல்ல. இந்த வட்டி கணவருடைய வருமானத்தில் சேர்கிறது, பிடித்த வரியை அவர் பான் எண்ணில் காட்டுங்கள் என்று மனைவி வங்கியிடம் எழுதிக் கொடுக்கலாம். ஒரே ஆண்டில் 10 லட்சமும் அதற்கு மேலும் டெபாசிட் போட்டால் வங்கியே வரித்துறைக்குத் தகவல் அனுப்பிவிடும். வருமானமே இல்லாதவருக்கு இவ்வளவு பணம் ஏது என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் விதி இன்னும் கடுமை. 18 வயது நிரம்பாத பிள்ளையின் பணத்தை யார் கொடுத்திருந்தாலும், அதன் வருமானம் அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேரும். பேரனுக்குத் தாத்தா போட்ட டெபாசிட்டின் வட்டிக்கு மகனோ மருமகளோ வரி கட்ட வேண்டியிருக்கும். வட்டிக்கு வட்டியும் இங்கே தப்பாது. பழைய வரி முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. பாட்டுப் பாடியோ சினிமாவில் நடித்தோ பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது மட்டும் பிள்ளையுடையது. அந்தச் சம்பாத்தியத்தை டெபாசிட் செய்தால் வரும் வட்டி மறுபடி பெற்றோர் கணக்குக்கு வந்துவிடும். கடுமையான உடற்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்த விதி பொருந்தாது.

பிள்ளைக்கு 18 நிரம்பிய நாளிலிருந்து கதை மாறுகிறது. அதன்பின் மகனுக்கோ மகளுக்கோ கொடுத்த பணத்தின் வருமானம் அவர்களுக்கே உரியது. அதே பணத்தை மருமகள் பெயரில் கொடுத்தால் மட்டும், வட்டி மாமனார் கணக்கில் வந்து நிற்கும்.