இருபது பாக்கெட் முறுக்கு

வீட்டில் முறுக்கு சுற்றி விற்பவர், அதே ஊர் காபிப்பொடிக் கடைக்குக் கூட்டு கேட்டு மின்னஞ்சல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் முதல் இரண்டு பத்தியைத் தங்கள் பெருமைக்கே செலவழித்துவிட்டு, கடைசியில் 'இணைந்து செயல்படலாம்' என்று முடிப்பார்கள். கடைக்காரருக்கு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்றே புரியாது.

கடைக்காரரின் பக்கத்திலிருந்து தொடங்கினால் கதை வேறு: "ஐயா, உங்கள் கடையில் பொடி அரைக்கும்வரை வாடிக்கையாளர்கள் பத்து நிமிடம் நிற்பதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் கண்ணில் பட 20 பாக்கெட் முறுக்கு தருகிறேன். விலை 60 ரூபாய். விற்ற ஒவ்வொன்றுக்கும் 12 ரூபாய் உங்களுக்கு. என் பாக்கெட்டில் உங்கள் கடை முகவரியை ஒட்டுகிறேன். இரண்டு வாரம் பார்ப்போம். விற்காததை நானே எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் வேண்டாம். வியாழன் காலை மாதிரி பாக்கெட்டோடு வரட்டுமா?"

கடைசிக் கேள்விக்கு 'வாங்க' என்ற ஒரு சொல் போதும். முதல் படி அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்.

நட்டம் முழுவதும் எழுதியவர் தலையில். இருபதும் தேங்கினாலும், கடைக்காரர் இழப்பது மேசையில் ஒரு முழ இடம்தான். ஆனால் நொறுங்கிய பாக்கெட் யார் கணக்கு, சரக்கு கல்லாவருகே இருக்குமா என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். கீழ்த்தட்டில் ஒளிந்திருந்த முறுக்கு விற்கவில்லை என்றால், சோதனை எதையும் சொல்லவில்லை. உணவுப் பொருள் என்பதால் FSSAI எண்ணையும் தயாரித்த தேதியையும் கடைக்காரர் கேட்பார். கேட்குமுன் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும்.